சீல் உடைந்து, கேஸ் வாடை வரும் சிலிண்டர் வந்தால்: ஏஜென்சிக்குச் சங்கச் செயலாளர் கடிதம் எழுதுவது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு சீல் கிழிந்த சிலிண்டர் வருகிறது, பக்கத்தில் போனாலே கேஸ் வாடை. வீட்டுக்காரர் ஏஜென்சிக்கு போன் பண்ணினால் ஆள் வந்து அந்தச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் எந்தச் சிலிண்டர், எங்கே கசிந்தது, எடை எவ்வளவு இருந்தது என்று அப்போது யாரும் குறித்துவைப்பதில்லை. அதனால் செயலாளர் நாலு நாள் கழித்துக் கடிதம் எழுத உட்கார்ந்தால் 'சீல் சரியில்லை, வாடை வந்தது, நடவடிக்கை எடுக்கவும்' என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு கடிதத்துக்கு 'மாற்றிக் கொடுத்துவிட்டோம்' என்று ஒரே வரியில் ஏஜென்சி பதில் சொல்லிவிடலாம்.

ஆகவே இந்தக் கடிதத்தின் பாதி வேலை, சிலிண்டர் உங்கள் வளாகத்தை விட்டுப் போவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆபத்தை நிறுத்துங்கள்

ரெகுலேட்டர் மாட்டாமலே வாடை வருகிறது என்றால், வால்வின் மேல் நைலான் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை, அதாவது சேஃப்டி கேப்பை, வால்வின்மேல் வைத்து 'டக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். வால்வுக்குள் இருந்து வரும் கசிவு பெரும்பாலும் இதில் நின்றுவிடும். மூடிய பிறகும் வாடை குறையவில்லை என்றால், வால்வு உடம்போடு சேரும் கழுத்துப் பகுதியிலோ உடம்பிலோ கசிவு இருக்கலாம். அதை வீட்டில் யாரும் சரிசெய்ய முடியாது, முயற்சியும் செய்யக் கூடாது.

அந்த நேரத்தில் வீட்டில் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. எரிகிற அடுப்பு, எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி இருந்தால் அணைத்துவிட்டு ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்து வெளியே வந்துதான் போன் பேச வேண்டும். 1906 என்பது 24 மணி நேரமும் இயங்கும் எல்பிஜி கசிவு அவசர உதவி எண். அதில் புகார் எண் கொடுத்தால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் அது வேண்டும். வாடை நிற்கவே இல்லை, கூடிக்கொண்டே போகிறது என்றால் 101-க்கும் அழைத்துவிட்டு அந்தத் தளத்திலும் அதற்குக் கீழ்த் தளத்திலும் இருப்பவர்களை வெளியே வரச் சொல்லுங்கள்.

கீழ்த் தளத்தை ஏன் சொல்கிறேன் என்றால், சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, கீழேதான் இறங்கும். சிலிண்டரை பால்கனியில் வைத்துவிட்டோம், ஆபத்து போய்விட்டது என்று நினைத்தால் அது கீழ் வீட்டு பால்கனிக்கு இறங்கலாம். அடுக்குமாடியில் இன்னும் பெரிய தவறு, கசியும் சிலிண்டரை லிஃப்டில் ஏற்றுவது, இல்லாவிட்டால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கொண்டுபோய் வைப்பது. லிஃப்ட் மூடிய பெட்டி, மோட்டார் ஓடுகிறது. பேஸ்மென்ட்டிலோ இறங்கிய கேஸ் வெளியேற வழியில்லை. மூடி போட்டதும் வாடை நின்றிருந்தால் மட்டும், நிமிர்த்திய நிலையிலேயே, மாடிப்படி வழியாகத் திறந்த வெளிக்கு இறக்கலாம். பக்கத்தில் சாக்கடை மூடியோ பேஸ்மென்ட் சரிவுப் பாதையோ இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது, உருட்டக் கூடாது. மூடி போட்டும் நிற்கவில்லை என்றால் இறக்கும் யோசனையே வேண்டாம், ஆட்கள் வெளியே வந்துவிட்டு மெக்கானிக்குக்கோ தீயணைப்புத் துறைக்கோ விட்டுவிடுங்கள்.

சிலிண்டர் கையில் இருக்கும்போதே குறிக்க வேண்டியவை

வாடை அடங்கிய பிறகுதான் இந்த வேலை. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் தகடுகளைப் பாருங்கள். அவற்றில்தான் அந்தச் சிலிண்டரின் வரிசை எண், காலி எடை, அடுத்த சோதனைத் தேதி எல்லாம் இருக்கும். சோதனைத் தேதி ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமுமாக இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி-27 என்று இருந்தால் 2027 ஜூன் முடிய அதைப் புழக்கத்தில் விடலாம் என்று அர்த்தம். தேதி தாண்டிய சிலிண்டர் வந்திருந்தால் அது தனியாகவே ஒரு புகார், சீல் கதைக்குள் அதைப் புதைத்துவிடாதீர்கள்.

இவற்றைக் கண்ணால் பார்த்துத் தாளில் எழுதுவதே நல்லது. போட்டோ வேண்டும்தான், ஆனால் வாடை வந்துகொண்டிருக்கும்போது போனை வால்வுக்குப் பக்கத்தில் நீட்ட வேண்டாம். மூடி போட்டு வாடை நின்ற பிறகு எடுங்கள். சீல் எங்கே கிழிந்திருக்கிறது, முழுவதும் அறுந்ததா, ஒரு பக்கம் மட்டும் விட்டிருக்கிறதா, ஏற்கெனவே பிரித்து மறுபடி ஒட்டியது மாதிரி இருக்கிறதா என்பது தெரியும்படி இரண்டு கோணத்தில் போதும். அறுந்த சீல் துண்டு கீழே கிடந்தால் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யார் வாங்கினார்கள் என்பது. பல குடியிருப்புகளில் டெலிவரி ஊழியர் வாட்ச்மேன் அறையில் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார், பிறகு வேறொருவர் மேலே தூக்கி வருகிறார். ஏஜென்சி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்: 'உங்கள் ஆள் தூக்கும்போது சீல் கிழிந்திருக்கலாமே?' இதற்குக் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். நேராக வீட்டு வாசலுக்கு வந்ததா, வாட்ச்மேன் வாங்கினாரா, எத்தனை மணிக்கு, மொபைலுக்கு வரும் டெலிவரி கோட் எண்ணை யார் எப்போது சொன்னார்கள் என்று கேட்டுக் குறியுங்கள். வாசல் கேமரா பதிவு பல இடங்களில் சில நாளில் தானாக அழிந்துவிடும், அன்றைக்கே அந்த நேரப் பதிவை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

மெக்கானிக் வரும்போது பக்கத்தில் இருங்கள்

கடிதத்துக்கு மிக வலுவான பகுதி இங்கேதான் கிடைக்கும். மெக்கானிக் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்ப்பார், குமிழி எங்கே வருகிறது என்று கவனியுங்கள். வால்வின் நடுவில் இருந்து குமிழி வந்தால் உள்ளே இருக்கும் பின் சரியாக மூடவில்லை. வால்வும் சிலிண்டரும் சேரும் இடத்தில் வந்தால் கழுத்துக் கசிவு. ரெகுலேட்டரை மாட்டும்போது மட்டும் கசிகிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது என்றால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அது சில நிமிட வேலை. வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் ரப்பர் வளையம் பழையதாகி விட்டுப்போவது சாதாரணம். ஆனால் ரெகுலேட்டரே மாட்டாத, சீல் கிழிந்த புதுச் சிலிண்டரின் பின் கசிகிறது என்றால், யாராவது அதை ஏற்கெனவே அழுத்தித் திறந்தார்களா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதிலை நீங்கள் எழுத வேண்டாம். குமிழி எங்கே வந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும்.

அதோடு எடை. வீட்டு உபயோகச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ இருக்க வேண்டும், கூடக் குறைய 150 கிராம் வரை விடலாம். டெலிவரி ஊழியரும் தராசு வைத்திருக்க வேண்டும், கேட்டால் போட்டுக் காட்ட வேண்டும். மெக்கானிக் வரும்போது தராசும் கொண்டுவரச் சொல்லுங்கள், மூடி போட்ட நிலையில் திறந்த வெளியில் நிறுத்துப் பாருங்கள். தகட்டில் காலி எடை 15.7 என்று இருந்தால் மொத்தம் 29.9 வர வேண்டும். தராசில் 29.2 வருகிறது என்றால் 700 கிராம் குறைவு, அனுமதித்த அளவை வெகுவாகத் தாண்டிவிட்டது.

இதைப் பார்த்ததும் 'கேஸ் திருடிவிட்டார்கள்' என்று எழுதக் கை பரபரக்கும். வேண்டாம். குறைந்த 700 கிராம் வழியில் கசிந்ததா, யாரோ எடுத்ததா, நிரப்பும்போதே குறைந்ததா என்பது உங்களுக்கு நிரூபிக்க முடியாத விஷயம். திருட்டு என்று எழுதினால் ஏஜென்சி அந்த ஒரு வார்த்தையை மறுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கடந்து போய்விடும். காலி எடை இவ்வளவு, மொத்த எடை இவ்வளவு, குறைவு இவ்வளவு, சீல் கிழிந்திருந்தது: இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே படிக்கிற அதிகாரிக்குப் புரியும்.

மெக்கானிக் சிலிண்டரை எடுத்துப் போகும்போது எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள். 'இந்த வரிசை எண் கொண்ட சிலிண்டரைக் கசிவுக்காகத் திரும்பப் பெற்றேன்' என்று தேதி, நேரத்தோடு ஒரு வரி, அவர் கையெழுத்து. மறுத்தால், மறுத்தார் என்பதையும் பக்கத்தில் இருந்தவர்கள் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் யார் பெயரில்?

செயலாளர்கள் பலர் சறுக்குவது இதில்தான். ஏஜென்சியைப் பொறுத்தவரை சங்கம் அதன் நுகர்வோர் அல்ல, கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் மட்டும் எழுதினால் 'கன்ஸ்யூமரை வரச் சொல்லுங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். அதனால் கடிதத்தில் இணைப்பு வைத்திருப்பவரின் பெயரும் நுகர்வோர் எண்ணும் ரசீதில் உள்ளபடியே இருக்க வேண்டும், கடைசியில் அவரும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளரின் இணைப்பைப் பயன்படுத்தினால் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள், கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

சரி, அப்படியென்றால் செயலாளர் எதற்கு? மாற்றுச் சிலிண்டர் கேட்பது நுகர்வோரின் உரிமை. அதே லோடில் வந்த மற்ற வீட்டுச் சிலிண்டர்களைச் சோதிக்கச் சொல்வது, இனி வாசலில் வைத்துப் பரிசோதித்துக் கொடுக்கச் சொல்வது, இந்த இரண்டும் எல்லா வீட்டுக்கும் பொதுவானவை. ஒரு தனி நுகர்வோர் கேட்டால் எடுபடாதவை, சங்கம் கேட்டால் எடுபடும்.

மாதிரிக் கடிதம்

மேலே சொன்ன எடைக் கணக்கையே வைத்து ஒரு மாதிரி தருகிறேன். பெயர், எண், நேரம் எல்லாவற்றையும் உங்கள் விவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

> அனுப்புநர்
> செயலாளர்,
> ............ குடியிருப்போர் நலச் சங்கம்,
> (முகவரி, தொலைபேசி எண்)
>
> பெறுநர்
> மேலாளர்,
> ............ கேஸ் ஏஜென்சி,
> (முகவரி)
>
> நாள்: ............
>
> பொருள்: சீல் சேதமடைந்த, கேஸ் கசிந்த சிலிண்டர் விநியோகம். ஆய்வு அறிக்கையும் மற்ற சிலிண்டர்களின் சோதனையும் கோருதல் தொடர்பாக.
>
> பார்வை: 1. ரசீது எண் ............, நாள் ............
> 2. 1906 புகார் எண் ............
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> எங்கள் குடியிருப்பின் பி பிளாக், 304-ஆம் எண் வீட்டில் வசிக்கும் திரு / திருமதி ............ அவர்கள் (நுகர்வோர் எண் ............) பெயரில் இன்று காலை 10.40 மணிக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் தங்கள் ஊழியரால் நேரடியாக வீட்டு வாசலில் கொடுக்கப்பட்டது. அதன் வரிசை எண் ............, காலி எடை 15.7 கிலோ, சோதனைத் தேதி பி-27. கொடுக்கும்போது எடையோ கசிவோ பரிசோதித்துக் காட்டப்படவில்லை.
>
> காலை 11.15 மணிக்குச் சிலிண்டரை மாற்ற எடுத்தபோது வால்வின் மேலுள்ள சீல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ரெகுலேட்டர் பொருத்தும் முன்பே கேஸ் வாடை வந்தது. சேஃப்டி கேப்பை அழுத்தியதும் வாடை நின்றது. சிலிண்டர் மாடிப்படி வழியாகத் திறந்த வெளிக்குக் கொண்டுவரப்பட்டது. 11.30 மணிக்கு 1906-க்கும் 11.35 மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கும் தகவல் தெரிவிக்கப்பட்டது.
>
> மதியம் 12.50 மணிக்கு வந்த தங்கள் மெக்கானிக் சோப்புத் தண்ணீர் சோதனை செய்ததில் வால்வின் நடுப்பகுதியிலிருந்து குமிழி வந்தது. சேஃப்டி கேப் பொருத்திய நிலையில் சிலிண்டரின் மொத்த எடை 29.2 கிலோ. இருக்க வேண்டிய 29.9 கிலோவைவிட 700 கிராம் குறைவு. பிற்பகல் 1.15 மணிக்கு அவர் சிலிண்டரைத் திரும்பப் பெற்று எழுத்து மூலம் ஒப்புதல் அளித்தார்.
>
> ஆகவே தங்களிடம் கோருவது:
>
> 1. மாற்றுச் சிலிண்டரை எவ்விதக் கட்டணமும் இன்றி, புதிய பதிவாகக் கணக்கில் சேர்க்காமல், குறைபாட்டுக்கான மாற்றாக வழங்க வேண்டும்.
> 2. திரும்பப் பெற்ற சிலிண்டரில் எந்தப் பாகத்தில் என்ன குறை இருந்தது, சீல் எந்த நிலையில் இருந்தது என்ற ஆய்வு முடிவை எழுத்து மூலம் 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.
> 3. அதே நாளில் அதே வாகனத்தில் எங்கள் குடியிருப்புக்கு வழங்கப்பட்ட மற்ற சிலிண்டர்களைத் தங்கள் மெக்கானிக் வந்து சோதிக்க வேண்டும். வீட்டு எண்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.
> 4. இனி எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு சிலிண்டரும் வீட்டு வாசலில் எடையும் கசிவும் பரிசோதித்த பிறகே ஒப்படைக்கப்பட வேண்டும்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், முத்திரை)
> செயலாளர்
>
> மேற்கண்ட விவரங்கள் சரியானவை. இது குறித்து எனக்காகக் கடிதப் போக்குவரத்து நடத்தச் சங்கச் செயலாளருக்குச் சம்மதிக்கிறேன்.
> (நுகர்வோர் கையொப்பம்)
>
> இணைப்பு: ரசீது நகல், படங்கள், மெக்கானிக்கின் ஒப்புதல், வீட்டு எண்களின் பட்டியல்
> நகல்: விற்பனை அதிகாரி, எண்ணெய் நிறுவனத்தின் வட்டார அலுவலகம்

இதில் முதல் கோரிக்கையை ஏன் அவ்வளவு நீட்டி எழுத வேண்டும் என்று தோன்றலாம். மாற்றுச் சிலிண்டரைப் புதுப் பதிவாகப் போட்டுக் கொடுத்துவிட்டால் வருடத்துக்கு இத்தனை சிலிண்டர் என்ற கணக்கில் ஒன்று போய்விடும், அடுத்த பதிவுக்கான இடைவெளியும் அன்றிலிருந்து எண்ணப்படும். வீட்டுக்காரர் இதை இரண்டு மாதம் கழித்துத்தான் கவனிப்பார். அதனால் மாற்றுச் சிலிண்டர் வந்ததும் அவருடைய ஆன்லைன் கணக்கில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கோரிக்கைதான் இந்தக் கடிதத்தின் உயிர் என்பது என் கருத்து. மாற்றுச் சிலிண்டர் கேட்காமலே வந்துவிடும். குறை என்ன என்று எழுதித் தர மட்டும் தயங்குவார்கள், எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் குறை எங்கே நேர்ந்தது என்று அவர்களும் தேட வேண்டியிருக்கும்.

கடிதத்தில் 'உயிர்ச்சேதம் ஏற்பட்டிருந்தால் யார் பொறுப்பு' என்ற வகை வரிகளை விட்டுவிடுங்கள். கோபம் நியாயமானதுதான், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இப்படி நடந்தால் யாருக்கும் வரும். ஆனாலும் அப்படி ஒரு வரி இருந்தால் பதில் எழுதுபவர் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு நான்கு கோரிக்கைகளையும் தொடாமலே கடிதத்தை முடித்துவிட அது வசதியாகிவிடும்.

கொடுப்பதும் பின்தொடர்வதும்

இரண்டு பிரதி எடுத்து நேரில் போய்க் கொடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம், அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் டெலிவரி விவரத்தையும் எடுத்து வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், தகவலுக்காக மட்டும். வட்டார அலுவலகத்துக்கான நகலை ஏஜென்சி மூலம் அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், நீங்களே தனியாக அனுப்புங்கள்.

இடையில் போன் வரும். 'சார், வேற சிலிண்டர் கொடுத்தாச்சு, கம்ப்ளெயின்ட்டை க்ளோஸ் பண்ணிடுங்க' என்பார்கள். நட்பாகவே பேசுங்கள், ஆனால் முதல் கோரிக்கை முடிந்தது, மற்ற மூன்றும் பாக்கி என்று சொல்லி, பேசிய தேதியையும் பேசியவர் பெயரையும் கடித நகலின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். 1906 புகாரையோ நிறுவனத்தின் இணையதளப் புகாரையோ ஆய்வு முடிவு வரும்வரை 'தீர்ந்தது' என்று ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருடைய மொபைலுக்குத்தான் அந்தக் குறுஞ்செய்தி வரும்.

கேட்ட நாட்களில் பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் ஏஜென்சிக்கு வேண்டாம். முதல் கடிதத்தின் நகலையும் முத்திரை போட்ட பிரதியையும் இணைத்து வட்டார அலுவலகத்துக்கு நேராக எழுதுங்கள், எந்தக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் மூன்று வரியில். அங்கேயும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளமான pgportal.gov.in, இரண்டிலும் நுகர்வோரின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். எடைக் குறைவு தனியாகத் தெளிவாக இருந்தால் சட்டமுறை எடையளவுத் துறைக்கும் ஒரு நகல் அனுப்பலாம். அதற்கு அந்த 15.7, 29.2 இரண்டும் மெக்கானிக்கின் கையெழுத்தோடு இருப்பது பெரிய பலம்.

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் சங்கத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. சிலிண்டரைப் பார்த்த பிறகுதான் டெலிவரி கோட் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அந்த எண்ணைச் சொன்ன மறுநிமிடம் ஏஜென்சியின் கணினியில் அந்தச் சிலிண்டர் நல்லபடியாகக் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும். சீல் முழுதாக இருக்கிறதா, தகட்டில் சோதனைத் தேதி தாண்டவில்லையா, தராசில் எடை சரியா, மூடியைக் கழற்றினால் வாடை வருகிறதா என்று வாசலிலேயே பார்த்துவிட்டு அந்த எண்ணைச் சொல்லலாம். வாட்ச்மேனுக்கும் அதேபோல, யாருடைய சிலிண்டரையும் அவர் வாங்கி வைக்கக் கூடாது, வீட்டில் ஆள் இல்லை என்றால் டெலிவரி ஊழியர் திரும்ப எடுத்துப் போகட்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.